சார்ட்டில் எதை வைப்பது, எதை எடுப்பது?

கேள்வி: பங்கு வர்த்தகம் கற்றுக்கொள்ள ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. மெட்டாட்ரேடரில் ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி, ஸ்டோகாஸ்டிக், பொலிஞ்சர் பேண்ட், மூன்று மூவிங் ஆவரேஜ் எல்லாம் போட்டிருக்கிறேன். ஒன்று வாங்கு என்கிறது, இன்னொன்று விற்று விடு என்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விலை போய்விடுகிறது. எதை எடுக்கலாம்? ஒவ்வொரு புது சார்ட்டிலும் எல்லாவற்றையும் மறுபடி போடாமல் இருக்க வழி உண்டா?

பதில்: நீங்கள் போட்டிருக்கும் எல்லாக் கருவிகளும் ஒரே விலையைத்தான் வெவ்வேறு விதமாகக் கணக்குப் போடுகின்றன. எம்ஏசிடி என்பது 12 நாள் எக்ஸ்போனென்ஷியல் ஆவரேஜிலிருந்து 26 நாள் ஆவரேஜைக் கழித்தால் வரும் எண், அவ்வளவுதான். அந்த இரண்டு ஆவரேஜும் ஒன்றையொன்று வெட்டும் நாளில்தான் எம்ஏசிடி பூஜ்யத்தைக் கடக்கும். இரண்டையும் சார்ட்டில் வைத்துக்கொண்டு “இரண்டுமே உறுதி செய்கின்றன” என்று நினைத்தால், ஒரே ஆளிடம் இரண்டு தடவை சாட்சி வாங்கிய கதைதான். பொலிஞ்சர் பேண்டின் நடுக்கோடும் அப்படித்தான். வழக்கமான அமைப்பில் அது 20 நாள் சிம்பிள் ஆவரேஜ். நீங்கள் தனியாக 20 நாள் ஆவரேஜ் போட்டிருந்தால் அதே கோட்டின் மேல் இன்னொரு கோடு விழுந்திருக்கும்.

சரி, ஒரே விலையைத்தான் பார்க்கின்றன என்றால் ஏன் சண்டை வருகிறது? ஒவ்வொன்றும் எத்தனை நாளைத் திரும்பிப் பார்க்கிறது என்பது வேறு. மெட்டாட்ரேடரில் ஸ்டோகாஸ்டிக் போட்டால் 5, 3, 3 என்றுதான் வரும், அதாவது அது கடைசிச் சில கேண்டில்களை மட்டும்தான் பார்க்கிறது. எம்ஏசிடி ஒரு மாதத்துக்கு மேலான போக்கைப் பார்க்கிறது. மூன்று வாரம் ஏறிய பங்கு இரண்டு நாள் சற்று இறங்கினால் ஸ்டோகாஸ்டிக் “இறங்குகிறது” என்னும், எம்ஏசிடி “ஏற்றம்தான்” என்னும். இரண்டும் சரிதான். வேறு வேறு கேள்விக்கு வந்த பதில்களை ஒரே கேள்விக்கு வந்ததாக எடுத்துக்கொள்வதால்தான் கை நகர மறுக்கிறது.

அதனால் எதை எடுப்பது என்பதற்கு முன்னால், சார்ட்டிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஆரம்ப நிலையில் இரண்டே கேள்வி போதும். ஒன்று, போக்கு எந்தப் பக்கம்? இரண்டு, இந்தப் பங்கு ஒரு நாளில் சாதாரணமாக எவ்வளவு ஆடும்? முதலாவதற்கு 50 நாள் எக்ஸ்போனென்ஷியல் ஆவரேஜ். இரண்டாவதற்கு 14 நாள் ஏடிஆர், அதாவது ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச். ஏடிஆரை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம், அது எந்தப் பக்கம் என்று சொல்வதே இல்லை. எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் சொல்லும். அதனால் அது ஆவரேஜோடு சண்டை போட முடியாது.

இப்போது மெட்டாட்ரேடரில் ஒரு டெய்லி சார்ட்டைத் திறந்து Ctrl+I அழுத்துங்கள். போட்டிருக்கும் இண்டிகேட்டர்களின் பட்டியல் வரும், எல்லாவற்றையும் நீக்குங்கள். Ctrl+G அழுத்தினால் கட்டக் கோடுகள் மறையும். F8 அழுத்தினால் நிற அமைப்பு வரும். பின்னணி ஒரே வெளிர் நிறம், ஏறும் கேண்டிலுக்கு ஒரு நிறம், இறங்கும் கேண்டிலுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் Insert மெனுவில் Indicators போய், Trend-க்குக் கீழே Moving Average எடுத்து 50 கொடுங்கள். அங்கே Simple என்று இருப்பதை Exponential ஆக மாற்ற மறக்காதீர்கள், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு Oscillators-க்குக் கீழே Average True Range, 14.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை 412. ஆவரேஜ் கோடு 404-ல் இருக்கிறது, பத்து நாளுக்கு முன் இருந்ததைவிட உயர்ந்திருக்கிறது. ஏடிஆர் 6. விலை கோட்டுக்கு மேலே, கோடு ஏறுகிறது, ஆகவே வாங்கும் பக்கம் மட்டும் பார்க்கலாம். விலைக்கும் கோட்டுக்கும் இடைவெளி 8. நான் வைத்துக்கொள்ளும் எல்லை இரண்டு ஏடிஆர், அதாவது 12. எட்டு அதற்குள் இருக்கிறது, சரி. ஸ்டாப்லாஸ் ஒன்றரை ஏடிஆர் தள்ளி: 6-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 9, ஆக 403. ஒரு வர்த்தகத்தில் 900-க்கு மேல் இழக்க மாட்டேன் என்று வைத்திருந்தால், 900-ஐ 9-ஆல் வகுத்து 100 பங்கு. விலை திடீரென ஓடிப்போய் அதே பங்கு 412 இல்லாமல் 430-ல் நின்றிருந்தால்? இடைவெளி 26, எல்லைக்கு இரண்டு மடங்குக்கு மேல். அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். இந்த இரண்டு ஏடிஆர், ஒன்றரை ஏடிஆர் எல்லாம் வேதவாக்கு இல்லை, என் பழக்கம். பழைய சார்ட்டில் ஓட்டிப் பார்த்து உங்கள் எண்ணை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

இந்த அமைப்பு சறுக்கும் இடமும் உண்டு. சந்தை பக்கவாட்டில் நகரும்போது 50 நாள் கோடு படுத்துவிடும், கேண்டில்கள் அதன் மேலும் கீழும் மாறி மாறி விழும். கடைசி இருபது கேண்டிலில் விலை நான்கைந்து தடவை கோட்டைத் தாண்டியிருந்தால் ஆவரேஜ் சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அங்கேதான் “ஆர்எஸ்ஐ போட்டுப் பார்க்கலாமா” என்று கை அரிக்கும். போடாதீர்கள், அடுத்த பங்கைப் பாருங்கள்.

சரி, சேமிப்பு. சார்ட்டில் ரைட் கிளிக் செய்து Templates, அதில் Save Template. பெயரை default.tpl என்று கொடுத்தால் இனித் திறக்கும் ஒவ்வொரு புதுச் சார்ட்டும் இதே கோலத்தில் வரும். ஏற்கெனவே திறந்திருக்கும் சார்ட்டுகள் தானாக மாறாது, அங்கே அதே மெனுவில் இந்த டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதையே clean.tpl என்று இன்னொரு பெயரிலும் சேமித்து வையுங்கள். என்றாவது விளையாட்டாக நான்கு இண்டிகேட்டர் போட்டு, தவறுதலாக default மேலேயே சேமித்துவிட்டால் திரும்பி வர வழி இருக்கும்.

சேமிப்பதற்கு முன் கையால் வரைந்த கோடுகளை அழித்துவிடுங்கள். டெம்ப்ளேட்டுக்குள் அவையும் சேர்ந்து போகும். ஒரு தடவை நான் அழிக்க மறந்தேன். இரண்டு மாதம் கழித்து அதே பங்கின் சார்ட்டைப் புதிதாகத் திறந்தபோது, உடைந்துபோன பழைய சப்போர்ட் கோடு அப்படியே நின்றது. அதை அன்றைக்கு வரைந்ததாகவே நினைத்து வாங்கிவிட்டேன். ஆட்டோ ட்ரேடிங் நிரல் ஏதாவது சார்ட்டில் ஒட்டியிருந்தால் அதுவும் டெம்ப்ளேட்டோடு வரும், அதையும் முதலில் எடுத்துவிடுங்கள். பங்கின் பெயரும் டைம்ஃப்ரேமும் டெம்ப்ளேட்டால் மாறாது. அதனால் இதை ஐந்து நிமிட சார்ட்டில் போட்டால் 50 என்பது 50 நாள் இல்லை, 50 ஐந்து நிமிடக் கேண்டில், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். மேலே போட்ட கணக்கு டெய்லி சார்ட்டுக்கானது.

எடுத்த இண்டிகேட்டர் ஏதாவது இல்லாமல் மனசு கேட்கவில்லை என்றால், கடைசியாகச் செய்த பத்து வர்த்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் test.tpl என்ற தனி டெம்ப்ளேட்டில் போட்டுப் பாருங்கள். எத்தனை முடிவு மாறியிருக்கும் என்று எண்ணுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அது சார்ட்டுக்குத் தேவையில்லை. மாறினால், மாறிய முடிவு நல்லதா கெட்டதா என்று பார்க்க இன்னும் முப்பது வர்த்தகமாவது வேண்டும். அதுவரை அது test.tpl-லேயே இருக்கட்டும்.