கடல்தண்ணியின் 0.56 மோலை எதால் பெருக்குவது?

"மண்டபம் பக்கம் எடுத்த கடல்தண்ணியை லேபில் சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் செய்தேன். 0.56 மோல்/லிட்டர் வந்தது. கிராம்/லிட்டராக மாற்ற 58.5-ஆல் பெருக்கினால் 32.8, 35.5-ஆல் பெருக்கினால் 19.9. எது சரி?"

19.9 சரி. அது லிட்டருக்கு இத்தனை கிராம் குளோரைடு என்று சொல்கிறது. 32.8 என்பதை "லிட்டருக்கு இவ்வளவு சோடியம் குளோரைடு" என்று எழுதினால் தவறு.

மோலிலிருந்து கிராமுக்குப் போகும் பெருக்கல் எளிது. மோல்/லிட்டரை மோலார் நிறையால் பெருக்கினால் முடிந்தது. ஆனால் எந்தப் பொருளின் மோலார் நிறை என்பதைச் சூத்திரம் சொல்லாது, டைட்ரேஷன்தான் சொல்லும். சில்வர் நைட்ரேட்டில் உள்ள வெள்ளி அயனி குளோரைடைப் பிடித்து வெள்ளை வீழ்படிவாக இறக்குகிறது. குளோரைடு தீர்ந்த பிறகு வரும் வெள்ளி, பொட்டாசியம் குரோமேட்டோடு சேர்ந்து செம்பழுப்பு காட்டுகிறது. இதில் எந்த இடத்திலும் சோடியத்தை யாரும் எண்ணவில்லை. ஆகவே உங்கள் 0.56 குளோரைடின் எண்ணிக்கை.

லேபில் நாமே உப்பைக் கரைத்து வைத்த கரைசல் என்றால் ஒரு குளோரைடுக்கு ஒரு சோடியம் உண்டு. அங்கே 58.5-ஆல் பெருக்கலாம், விடை சரியாக இருக்கும். பாடப்புத்தகக் கணக்குகள் எல்லாம் இந்த வகை என்பதால்தான் கை தானாக 58.5-க்குப் போகிறது. சாதாரணக் கடல்நீரில் சோடியம் லிட்டருக்கு சுமார் 0.48 மோல்தான். எல்லாச் சோடியமும் குளோரைடோடு சேர்ந்தாலும் 0.48 × 58.5, அதாவது 28 கிராமுக்கு மேல் சோடியம் குளோரைடு இருக்க வழியில்லை. மீதிக் குளோரைடுக்கு ஈடாக நிற்பவை பெரும்பாலும் மக்னீசியமும் கொஞ்சம் கால்சியமும் பொட்டாசியமும்.

மொத்த உப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் 19.9-இலிருந்தே போகலாம். கடல்நீரின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 1.023 கிலோ. 19.9-ஐ அதால் வகுத்தால் கிலோவுக்கு 19.45 கிராம் குளோரைடு. கடலியலில் நெடுங்காலமாகப் புழங்கும் 1.80655 என்ற எண்ணால் இதைப் பெருக்கினால் 35.1 வரும். கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் என்பதுதான் வழக்கமான அளவு, எனவே உங்கள் டைட்ரேஷன் நன்றாகவே வந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பாக் நீரிணைப் பக்கம் எடுத்தால் எண் குறையும், அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம். மழைத்தண்ணீர் எல்லா அயனிகளையும் ஒரே அளவில் நீர்க்கச் செய்வதால் இந்த விகிதம் அப்போதும் பெரிதாக மாறாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். லேபில் கடல்நீரைப் பெரும்பாலும் அப்படியே டைட்ரேட் செய்வதில்லை. 10 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து 100 மில்லி குடுவையில் குறி வரை நிரப்பி, அதிலிருந்து 10 மில்லி எடுப்போம். 0.05 மோலார் சில்வர் நைட்ரேட் 11.2 மில்லி இறங்கினால் கிடைப்பது 0.056. பத்தால் பெருக்கினால்தான் அசல் 0.56. இதை மறந்தவரின் நோட்டில் லிட்டருக்கு 2 கிராம் குளோரைடு என்று இருக்கும். கடல்தண்ணீருக்கு அது ஒருபோதும் பொருந்தாது.

நான் இதை உப்பளத்தில்தான் படித்தேன். வாலிநோக்கம் பக்கம் ஒரு பாத்தியில் உப்பை வாரிய பின் மிஞ்சிய கசப்பு நீரை லேபுக்குக் கொண்டு வந்தேன். குளோரைடு லிட்டருக்கு 5 மோல் வந்தது, யோசிக்காமல் 58.5-ஆல் பெருக்கி 292 கிராம் சோடியம் குளோரைடு என்று எழுதிவிட்டேன். 25 டிகிரி வெப்பத்தில் தூய உப்பின் நிறைவுற்ற கரைசலிலேயே லிட்டருக்கு 317 கிராம்தான் இருக்கும். உப்பு இறங்கி முடிந்த தண்ணீரில் ஏறத்தாழ அதே அளவு உப்பு எப்படி மிஞ்சும் என்று என் ஆசிரியர் கேட்டபோதுதான் உறைத்தது. பாத்தியில் சோடியம் குளோரைடு படிகமாகி வெளியேறிவிடுகிறது, மக்னீசியம் தண்ணீரிலேயே தங்கிச் செறிகிறது. கசப்பு அதனுடையது. மக்னீசியம் குளோரைடின் மோலார் நிறை 95.2, ஒரு அலகில் இரண்டு குளோரைடு. ஆகவே அதோடு சேர்ந்த ஒரு மோல் குளோரைடுக்கு 47.6 கிராம்தான் கணக்கு. மக்னீசியத்தைத் தனியாக இடிடிஏ டைட்ரேஷனில் அளக்காமல் கசப்பு நீரின் குளோரைடை எந்த உப்பின் பெயரிலும் எழுத முடியாது. 1.80655-உம் அங்கே உதவாது, ஏனென்றால் சிப்சமும் உப்பும் இறங்கியதும் கடலின் விகிதம் கலைந்துவிடுகிறது.

உங்கள் ரெக்கார்டில் "குளோரைடு, 19.9 கிராம்/லிட்டர், 35.5-ஆல் பெருக்கியது" என்று மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். 32.8-ஐயும் காட்ட விரும்பினால் "குளோரைடு முழுவதையும் சோடியம் குளோரைடாகக் கொண்டால்" என்று முன்னால் சேர்த்துவிடுங்கள்.