தடுப்பூசி மருந்தைப் பிரீசரில் வைக்கலாமா?

கேள்வி: மகன் தாதியர் பயிற்சிக்குப் போகிறான். ஹெபடைடிஸ் பி ஊசி மருந்தைப் பம்பலப்பிட்டியில் பாமசியில் வாங்கி வரச் சொன்னார் டொக்டர். ஊசி நாளை பின்னேரம்தான். ஐஸ் போட்டு வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவு பிரீசரில் வைத்தால் சரியா?

பதில்: பிரீசர் வேண்டவே வேண்டாம். இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கொழும்பு வெயிலுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறோம், ஆனால் ஹெபடைடிஸ் பிக்கு உறைதல்தான் பெரிய எதிரி. இதில் அலுமினிய உப்பு சேர்த்திருக்கிறார்கள். உறைந்தால் அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு உருகினாலும் பழைய நிலைக்கு வராது, மருந்தின் சக்தியும் குறைந்துவிடும்.

முடிந்தால் நாளை பின்னேரமே வாங்கி நேரே கிளினிக்குக்குப் போங்கள். அதுதான் நல்லது. இன்றே வாங்கத்தான் வேண்டுமென்றால், சின்ன ரிஜிபோம் பெட்டியில் பிரிட்ஜில் குளிரவைத்த தண்ணீர்ப் போத்தல் இரண்டை வைத்து எடுத்துப் போங்கள். இந்தச் சிறு தூரத்துக்கு அது போதும். பாமசியில் உறைந்த ஐஸ் பேக் தந்தால், குலுக்கும்போது உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை அதை வெளியே வைத்திருங்கள். அப்புறம் துணியில் சுற்றி, மருந்து அதில் முட்டாதபடி வையுங்கள்.

வீட்டில் பிரிட்ஜின் நடுத்தட்டில், மருந்தின் அட்டைப்பெட்டியோடே வையுங்கள். கதவுத் தட்டில் சூடு ஏறி இறங்கும். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையக்கூடும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள்.

ஊசி போடுமுன் குப்பியைக் கையில் வாங்கிப் பாருங்கள். அட்டையில் மட்டுமல்ல, குப்பியிலும் பெயரும் காலாவதித் திகதியும் இருக்கும். மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை செல்லும். மூடி உடையாமல் இருக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு வழமையாகப் போடுவது 20 மைக்ரோகிராம், பிள்ளைகளுக்கு 10. அதையும் லேபிளில் பாருங்கள்.

அசையாமல் வைத்த குப்பியில் அடியில் வெள்ளைப்படிவும் மேலே தெளிந்த நீரும் இருப்பது வழக்கம். மெதுவாகக் குலுக்கினால் ஒரே சீரான வெண்கலங்கலாக மாற வேண்டும். திட்டுத்திட்டாக, துகள் துகளாக நின்றாலோ குலுக்கிய உடனேயே வேகமாக அடியில் படிந்தாலோ அந்த மருந்தைப் போட விடாதீர்கள். ஆனால் பார்வைக்கு நன்றாக இருப்பது மட்டும் அத்தாட்சியாகாது. உறைந்த மருந்தும் சிலவேளை சாதாரணமாகவே தோன்றும். பிரீசரில் இருந்தது என்று தெரிந்தால் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம், வேறொன்று வாங்குங்கள். வெளியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டதென்றால் எறிந்துவிட அவசரப்படாதீர்கள். எவ்வளவு நேரம், எங்கே இருந்தது என்று டொக்டரிடம் சரியாகச் சொல்லுங்கள். அந்தத் தயாரிப்பின் விபரத்தைப் பார்த்து அவர் முடிவெடுப்பார்.

போட்டு முடிந்ததும் குப்பியிலுள்ள தொகுதி எண்ணை மகனின் தடுப்பூசி அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.