போனில் கேமரா பார்க்க போர்ட் திறக்க வேண்டுமா?

கேள்வி: வீட்டில் நாலு கேமராவும், அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் என்விஆர் என்ற ரெக்கார்டரும் மாட்டியிருக்கிறோம். வெளியூரிலிருந்து போனில் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்தாக வேண்டும் என்கிறார் மாட்டிக்கொடுத்தவர். பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். போர்ட்டைத் திறந்தால் ரெக்கார்டரின் லாகின் பக்கம் உலகத்துக்கே தெரியும். அப்படித் திறந்து கிடப்பவற்றைத் தேடுவதற்கென்றே நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. 2016-ல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது.

ஏற்கெனவே திறந்துவிட்டாரா என்று முதலில் பாருங்கள். ரவுட்டரில் 'Port Forwarding' பட்டியலில் ரெக்கார்டரின் ஐபி இருந்தால் நீக்குங்கள். அப்புறம் UPnP. இது இயங்கினால் ரெக்கார்டர் யாரையும் கேட்காமல் தானே போர்ட்டைத் திறந்துகொள்ளும். ரெக்கார்டர், ரவுட்டர் இரண்டிலும் அணைத்துவிடுங்கள்.

போர்ட் திறக்காமல் பார்க்க எளிய வழி P2P. ரெக்கார்டரே தயாரிப்பாளரின் சர்வரைத் தொடர்புகொள்ளும். நீங்கள் ஆப்பில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் உஷார்: மாட்டுபவர்கள் பல சமயம் கருவியைத் தங்கள் கணக்கிலேயே சேர்த்து, உங்களுக்குப் 'பகிர்ந்து' விடுவார்கள். அப்போது உரிமையாளர் அவர்தான், உங்கள் வீட்டை அவரும் பார்க்கலாம். ஸ்கேன் செய்யும்போது 'வேறு கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது' என்று வந்தால், அவர் கணக்கிலிருந்து கருவியை நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும் போடுங்கள்.

தயாரிப்பாளரின் சர்வரையும் நம்ப மனமில்லையா? ரவுட்டரில் WireGuard என்ற விபிஎன் வசதி இருந்தால் அதுவே என் தேர்வு. அதற்கும் ஒரு போர்ட் வேண்டும்தான், ஆனால் சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது. போனில் அதை இயக்கினால் வீட்டு வைஃபையில் இருப்பதுபோல ரெக்கார்டரைத் திறக்கலாம். ஆனால் ரவுட்டரின் இணையப் பக்க முகவரியான WAN ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. போர்ட் திறந்தாலும் பயன் இல்லை, P2P-தான் சுலபம்.

எந்த வழியானாலும் சரி, ரெக்கார்டரின் admin பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். ரெக்கார்டரிலேயே நேராக லாகின் செய்யும் போன்களுக்கு நேரலையும் பழைய பதிவும் பார்க்க மட்டும் அனுமதியுள்ள தனிப் பயனர் ஒன்றை உருவாக்குங்கள். போன் தொலைந்தால் அந்தப் பயனரை நீக்கினால் போதும், அந்தப் போனை எடுத்தவரால் பதிவை அழிக்க முடியாது.

கடைசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். படம் திக்கினால் ஆப்பில் குறைந்த தரப் படத்தை அனுப்பும் 'Sub Stream' தேர்ந்தெடுங்கள்; பதிவின் தரம் குறையாது.