இரவே எலுமிச்சை பிழிந்து வைத்த வஞ்சிரம்

கேள்வி: ஞாயிறு விருந்துக்காக சனிக்கிழமை மாலையே ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கினேன். என் கண்ணெதிரில்தான் துண்டு போட்டார்கள். நன்றாக ஊறட்டும் என்று மூன்று எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகாய்த்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது தடவி இரவு 9 மணிக்கு ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் மதியம் தோசைக்கல்லில் போட்டுத் திருப்பினால் துண்டு துண்டாகப் பிய்ந்து கூழாகிவிட்டது. பழைய மீனை என் தலையில் கட்டிவிட்டார்களா? கடைக்காரரைக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: கேட்பதற்கு முன்னால், வறுக்காத துண்டு ஏதாவது மிச்சம் இருந்தால் நடுவில் பிட்டுப் பாருங்கள். மேலும் கீழும் சுண்ணாம்பு போல வெளுத்து, தொட்டால் உதிர்கிறது, நடுவில் முள்ளை ஒட்டிய சதை மட்டும் பளபளப்பாக, இறுக்கமாக இருக்கிறது என்றால் மீன்காரர் மேல் தப்பில்லை. வெளியிலிருந்து உள்ளே போனது எலுமிச்சைதான். பழைய மீன் அப்படி இருக்காது. முள் வரைக்கும் ஒரே மாதிரி தொளதொளவென்று இருக்கும், மசாலாவைக் கழுவிவிட்டு முகர்ந்தால் புளிப்பையும் மீறி ஒரு காட்டமான நாற்றம் வரும். நீங்கள் சொல்லும் நேரத்தைப் பார்த்தால் (இரவு 9 முதல் மதியம் வரை சுமார் 15 மணி நேரம், அதுவும் கிலோவுக்கு மூன்று பழம்) எனக்குப் பழத்தின் மேல்தான் சந்தேகம்.

ஆட்டுக்கறியை இரவெல்லாம் ஊற வைக்கிறோமே என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பழக்கம்தான் மீனில் நம்மை ஏமாற்றுகிறது. ஆட்டுச் சதையில் நீள நீளமான நார்கள், அவற்றைக் கட்டிப்போடும் தடித்த ஜவ்வு. மீனில் அப்படி இல்லை. வெந்த வஞ்சிரத்தை விரலால் தள்ளினால் ஏடு ஏடாகப் பிரிகிறதே, அந்த ஏடுகள்தான் அதன் சதை. ஒரு ஏட்டுக்கும் அடுத்த ஏட்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஜவ்வு மட்டும். ஆட்டின் ஜவ்வு கரைய நீண்ட நேரம் வேக வேண்டும். மீனின் ஜவ்வு கொஞ்சம் சூட்டிலேயே கரைந்துவிடும்.

எலுமிச்சைச் சாறு பட்டதும் முதலில் நடப்பது நல்லதுதான். சதையின் புரதம் வெந்தது போல இறுகி வெளுக்கிறது. வாடையும் அடங்குகிறது, ஏனென்றால் மீன் வாடைக்குக் காரணமான பொருள்களை அமிலம் காற்றில் பறக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. அங்கேயே நிறுத்தினால் லாபம். நிறுத்தாமல் விட்டால், இறுகிய சதை தன் தண்ணீரைக் கக்கத் தொடங்கும். காலையில் கிண்ணத்தின் அடியில் கலங்கிய நீர் தேங்கியிருந்ததா? அதுதான் இது. அதே சமயம் ஏடுகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு அமிலத்தில் ஊதிப்போய் வழுவழுப்பாகிறது. கல்லில் வைத்ததும் அந்தக் கொஞ்சநஞ்சப் பிடிப்பும் உருகிவிட, கரண்டி பட்டவுடன் ஏடுகள் கழன்றுவிடுகின்றன. போதாததற்கு, பச்சை இஞ்சியிலும் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. ஃபிரிட்ஜின் குளிர் இந்த வேலைகளை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது.

புளியும் இதே குணம்தான். அப்படியானால் புளிக்குழம்பில் மறுநாள் வரை கிடக்கும் மீன் மட்டும் ஏன் கெட்டியாக இருக்கிறது என்று கேட்பீர்கள். குழம்பில் புளியை நிறையத் தண்ணீரில் கரைக்கிறோம். கொதி வந்த பிறகுதான் மீனைப் போடுகிறோம். அமிலம் உள்ளே போவதற்குள் சூடு சதையை இறுக்கிவிடுகிறது. பச்சை மீன் மேல் கெட்டிப் புளிக்கரைசலைப் பூசி மணிக்கணக்கில் வைப்பது வேறு கதை.

சரி, எவ்வளவு நேரம்தான் வைக்கலாம்? வஞ்சிரம், கொடுவா மாதிரி கெட்டிச் சதை, அரை அங்குலத் துண்டு என்றால் எலுமிச்சையோடு 15 முதல் 20 நிமிடம் போதும்; அரை மணிக்கு மேல் வேண்டாம். கெட்டிப் புளிக்கும் அதே அரை மணிதான் எல்லை. நெத்திலி, முள் நீக்கிய மெல்லிய துண்டுகள், இறால் ஆகியவற்றுக்கு 10 நிமிடமே அதிகம். தயிர் இவ்வளவு கடுமை இல்லை, ஒரு மணி நேரம் தாங்கும்.

முன்னாலேயே தடவி வைத்தே ஆக வேண்டும் என்றால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். துண்டுகளின் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், பாதி உப்பு, கொஞ்சம் எண்ணெய் மட்டும் பூசி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்; காலை தடவி மதியம் வறுப்பதற்கு இது தாராளம். இஞ்சி பூண்டு விழுது, மீதி உப்பு, எலுமிச்சை மூன்றும் அடுப்பு பற்றவைக்க 20 நிமிடம் முன்னால் போதும். அரை கிலோவுக்கு ஒரு சிறிய பழம் கணக்கு. என் வீட்டில் அதையும் பாதியாக்கி, மீதியை வறுத்த துண்டின் மேல் பிழிகிறோம். புளிப்பு நாக்கில் பளிச்சென்று தெரிவது அப்போதுதான். இன்னொன்று, அலுமினியப் பாத்திரத்தில் ஊற வைக்காதீர்கள். புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும். எவர்சில்வரோ கண்ணாடியோ நல்லது.

வெளுத்துவிட்ட மீன் வெந்த மீன் இல்லை. எலுமிச்சை எல்லாக் கிருமியையும் கொல்லாது, புழுவையும் கொல்லாது. நீங்கள் ஃபிரிட்ஜில் வைத்ததால், கூழான துண்டுகளை வீணாக்க வேண்டியதில்லை. முள்ளை எடுத்துவிட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து உதிர்த்து வதக்கினால் நல்ல மீன் புட்டு. உருளைக்கிழங்கு சேர்த்தால் கட்லெட். இரவெல்லாம் வெளியில் இருந்திருந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். நம் ஊர் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்கூட வெளியே வைக்கக் கூடாது. அயிலை, சூரை போன்றவற்றில் ஆபத்து கூடுதல். சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். முகம் சிவந்து, தடித்து, தலைவலியும் வாந்தியும் வரும். அதை வறுத்தாலும் போகாது, புளியில் போட்டாலும் போகாது.

கடைகளிலும் செயலிகளிலும் மசாலா தடவியே விற்கும் மீனுக்கும் இதே கணக்கு. பொதியில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு, அல்லது 'அமிலத்தன்மை சீராக்கி' என்று போட்டு பக்கத்தில் 330 (சிட்ரிக் அமிலம்) அல்லது 334 (டார்டாரிக் அமிலம், புளியில் இருப்பது) என்ற எண் இருந்தால், அந்த மீன் தடவிய நேரத்திலிருந்தே ஊறிக்கொண்டிருக்கிறது. பொதியிட்ட தேதி நேற்றாக இருந்து, உள்ளே கலங்கிய நீரும் தெரிந்தால் நான் வாங்க மாட்டேன். மீனைத் தனியாகவும் மசாலாவைத் தனியாகவும் கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் அப்படியே தருவார்கள்.

அடுத்த முறை துண்டு வாங்கும்போது மசாலா படுவதற்கு முன்பே விரலால் அழுத்துங்கள். பள்ளம் நிமிராமல் நின்றாலோ, பச்சைத் துண்டிலேயே ஏடுகளுக்கு நடுவில் விரிசல் தெரிந்தாலோ அப்போதே திருப்பிக் கொடுங்கள். அந்தச் சண்டையில் நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்.