பாதிகூட வராத மாதிரி

அன்புள்ள அக்கா,

சிவில் முடித்துவிட்டு நெதர்லாந்தில் நீர்வளப் பொறியியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கை, என் எஸ்.ஓ.பி., ‘சிறு வயதிலிருந்தே நீர்மீது எனக்குத் தீராத ஆர்வம்’ என்று தொடங்குகிறது. சீனியர் ஒருவர் ‘க்ளிஷே’ என்கிறார். இறுதியாண்டில் நான்கு பேர் சேர்ந்து அடையாறு வடிநிலத்துக்கு HEC-HMS என்ற நீரியல் மென்பொருளில் வெள்ள மாதிரி செய்தோம். தினசரி மழையை வைத்து ஓட்டியபோது உச்ச நீரோட்டம், ஒப்பிட வைத்திருந்த அளவில் பாதிகூட வரவில்லை. மணிவாரி மழை கிடைத்தபின் ஏறியது, ஆனாலும் எட்டவில்லை. அதனால் ப்ராஜெக்டை ஒரே வரியில் முடித்துவிட்டேன். வேறு என்னதான் எழுதுவது?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

முதல் வரியைச் செப்பனிட வேண்டாம், வெட்டிவிடுங்கள். அந்த இடத்துக்கு உங்கள் மாதிரி வரட்டும். படிப்பவர் நீரியல் பேராசிரியராக இருந்தால் அவர் நிமிர்ந்து உட்காரும் இடம், நீங்கள் மறைக்கப் பார்த்த இடம்தான்.

ஏன் பாதிகூட வரவில்லை என்பதை எழுதுங்கள். வானிலைத் துறையின் தினசரி மழை, காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரையிலான மொத்தம். 240 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதைச் சமமாகப் பிரித்தால் மணிக்கு 10 மி.மீ. அதே நாளில் 180 மி.மீ. ஆறு மணி நேரத்தில் கொட்டியிருந்தால் அந்த நேரத்தில் மணிக்கு 30. மொத்தத் தண்ணீர் ஒன்றுதான். ஆற்றுக்கு அது வந்து சேரும் வேகம் வேறு, உச்சமும் வேறு. இதை நீங்களே கண்டுபிடித்திருந்தால் பத்தி இப்படி வரலாம்:

‘தினசரி மழையைச் சமமாகப் பங்கிட்டதால் உச்சம் தணிந்ததைக் கண்டு, மணிவாரிப் பதிவைத் தேடி மாதிரியை மீண்டும் ஓட்டினேன். இடைவெளி குறைந்தது, மறையவில்லை. மேற்பகுதி ஏரிகளின் உபரிநீரை நாங்கள் மாதிரியில் சேர்க்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என நினைக்கிறேன்.’

ஏரிகளைச் சேர்த்திருந்தீர்கள் என்றால் கடைசி வாக்கியம் பொய்யாகிவிடும்; உங்கள் உண்மையான சந்தேகத்தைப் போடுங்கள். ‘குறைந்தது’ என்ற இடத்தில் உங்கள் இரண்டு எண்களையும் கொடுங்கள். மழையில் எவ்வளவு நிலத்தில் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் கர்வ் நம்பரை ஏற்றி விடையைப் பொருத்திவிடாமல் விட்டிருந்தால், அதையும் ஒரு வரி சொல்லலாம். அந்தக் குறுக்குவழி இத்துறையில் எல்லோருக்கும் தெரியும்.

‘உலகப் புகழ்பெற்ற தங்கள் பல்கலைக்கழகம்’ என்று எழுதியிருந்தால் அதற்கும் இதே மருந்து. மீந்து நிற்கும் இடைவெளியை ஆராய உங்களுக்கு என்ன தெரியவில்லை? ஏரியில் தேங்கி வெளியேறும் வெள்ளத்தைக் கணக்கிடும் நீர்த்தேக்க வழிச்செலுத்தலா, மாதிரியின் நிச்சயமின்மையைக் கணக்கிடுவதா? பாடத்திட்டத்தில் அதைக் கற்பிக்கும் பாடத்தைத் தேடி, பெயரோடு எழுதுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் அந்தப் படிப்பு உங்களுக்கானதா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

மென்பொருள் பெயர்களை வரிசையாக அடுக்காதீர்கள், அதுவும் க்ளிஷேதான். ‘குழுவாகப் பணியாற்றும் திறன்’ என்று எழுதியிருந்தால், நான்கு பேரில் மழைத் தரவு யார் வேலை, மாதிரியை ஓட்டியது யார் என்று பிரித்துச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் வழிகாட்டிக்கும் இந்தப் பத்தியை அனுப்பிவையுங்கள். மழைத் தரவு நீங்கள் தேடியது என்று நீங்களும், வேறொருவர் தேடியது என்று அவரும் எழுதிவிடக் கூடாது.