கதிரைக்கு எவ்வளவு லொறிக் கூலி?

"ஐயா, யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கிறேன். போன கிழமை புறக்கோட்டையில் 9,000 ரூபாப்படி 20 மின்விசிறியும், 1,500 ரூபாப்படி 60 பிளாஸ்டிக் கதிரையும், 10,000 ரூபாப்படி 3 பெட்டி ஆணியும் எடுத்தேன். எல்லாம் ஒரே லொறியில் வந்தது. லொறிக் கூலி 12,000, காப்புறுதி 1,500. சாமான் மொத்தம் 3 இலட்சம் என்பதால் எல்லா விலையோடும் நாலரை வீதம் சேர்த்து அடக்கவிலை போட்டேன். சரியா?"

காப்புறுதிக்குச் சரி. லொறிக் கூலிக்குச் சரியில்லை. இரண்டையும் ஒன்றாகக் கூட்டியதில்தான் பிழை.

காப்புறுதிக் கட்டணம் சாமானின் பெறுமதியைப் பார்த்து வருவது. அதனால் அதை விலைப்படி பிரிப்பதே நியாயம். உங்கள் கணக்கில் நூற்றுக்கு 50 சதம். மின்விசிறிக்கு 45 ரூபா, கதிரைக்கு 7 ரூபா 50 சதம், ஆணிப் பெட்டிக்கு 50 ரூபா. ஆனால் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மின்விசிறிக்கு மட்டும் எடுத்திருந்தால் 1,500 ரூபாவும் மின்விசிறியின் தலையில்தான் விழ வேண்டும்.

லொறிக்காரருக்குச் சாமானின் விலை தேவையில்லை. அவர் பார்ப்பது தட்டில் எவ்வளவு இடம் போகிறது, எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதைத்தான். உங்கள் சுமையில் பாரம் பெரிதாக இல்லை; இடத்தை அடைத்தது கதிரைதான். ஆகவே இடத்தை அளந்து பிரிப்போம். மின்விசிறிப் பெட்டி ஒன்று 2 கன அடி என்று வைத்தால் 20க்கும் 40. கதிரைகளை 20 20 ஆக அடுக்கிக் கட்டினால் ஒரு அடுக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், ஆறரை அடி உயரம் வரும். அது 26 கன அடி. மூன்று அடுக்கும் 78. ஆணிப் பெட்டி மூன்றும் சேர்ந்து 2 கன அடிதான். மொத்தம் 120 கன அடி, கூலி 12,000. ஒரு கன அடிக்கு 100 ரூபா.

அப்படியானால் மின்விசிறிக்கு 200, கதிரைக்கு 130, ஆணிப் பெட்டிக்கு ஏறக்குறைய 67 ரூபா. காப்புறுதியையும் சேர்த்தால் கதிரையின் அடக்கவிலை 1,637 ரூபா 50 சதம். நீங்கள் போட்டது 1,567 ரூபா 50 சதம். ஒரு கலியாண மண்டபக்காரர் வந்து 60ஐயும் 1,650 ரூபாப்படி கேட்டால், 4,950 ரூபா இலாபம் என்று சந்தோசமாகக் கொடுத்துவிடுவீர்கள். உண்மையில் கையில் நிற்பது 750 ரூபா. மறுபக்கம், மின்விசிறியின் அடக்கவிலை 9,245. நீங்கள் 9,405 என்று வைத்திருக்கிறீர்கள். அந்த 160 ரூபாவால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போகக்கூடும். ஏன் போனார் என்று உங்களுக்குத் தெரியவும் வராது.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கதிரை அடுக்குக்கு மேலே வேறு சாமான் வைக்க முடியாவிட்டால், கூரை வரைக்கும் உள்ள வெற்றிடமும் கதிரையின் கணக்குத்தான். அடுக்கை மட்டும் அளந்தால் கதிரைக்குக் குறைவாக விழும்.

அடுத்த முறை 40 பெட்டி ஆணி ஏற்றினால் கதை மாறும். பெட்டி 25 கிலோ என்றால் அதுவே ஒரு தொன். அப்போது லொறிக்காரர் கிலோவில்தான் பேசுவார், நீங்களும் கிலோப்படியே பிரிக்க வேண்டும். அவர் கூலியை எதை வைத்துச் சொன்னார் என்று ஏற்றும்போதே கேட்டுச் சிட்டையில் எழுதி வையுங்கள்.

உடைந்தவற்றை என்ன செய்வது என்றும் அடுத்ததாகக் கேட்பீர்கள். ஒவ்வொரு சுமையிலும் இரண்டு கதிரைக்குக் கால் முறிவது வழமை என்றால், கதிரைக்கான மொத்தச் செலவு 98,250ஐ நல்லதாக வந்த 58ஆல் பிரியுங்கள். அடக்கவிலை ஏறக்குறைய 1,694 ஆகும். லொறி சரிந்து பாதி நொறுங்கிப் போனால் அதை மிச்சக் கதிரையில் ஏற்றக்கூடாது. காப்புறுதியில் கேட்டு வாங்குங்கள். வராத பங்கை நட்டமாகத் தனியே எழுதுங்கள். இலங்கைக் கணக்கீட்டு நியமமும் வழமைக்கு மீறிய விரயத்தை இருப்பின் கிரயத்தில் சேர்க்க விடுவதில்லை.

கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்கு ஏற்றி அனுப்பும் ஓட்டோக் கூலியையும் இதில் கலக்க வேண்டாம். அது விற்பனைச் செலவு.

கணக்கு முடிந்ததும், ஒவ்வொரு பொருளின் அடக்கவிலையையும் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். மின்விசிறி 184,900, கதிரை 98,250, ஆணி 30,350. மூன்றும் சேர்ந்து 313,500. நீங்கள் கொடுத்த காசும் அதுதான். சில்லறைச் சதம் முன்பின் வந்தால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு கூலி விடுபட்டிருக்கும், அல்லது இரண்டு தரம் ஏறியிருக்கும்.