பீரோவில் இருக்கும் கைக்கடிகாரம்

கேள்வி: சென்ற திருமண நாளுக்குக் கணவருக்கு 4,000 ரூபாயில் கைக்கடிகாரம் வாங்கினேன். "நன்றாக இருக்கிறது" என்று பீரோவில் வைத்தவர் இன்னும் கட்டவில்லை. ஆனால் அவர் வெளியூரில் இருந்தபோது அவருடைய பைக்கை சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்தேன். அதை மட்டும் மாமியாரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். இந்த முறை 5,000 ரூபாய் வைத்திருக்கிறேன். பர்ஸ், ஹெட்போன், ஹோட்டல் சாப்பாடு, இவற்றில் எது?

– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு மூன்றுமே வேண்டாம். நம் முகத்துக்கு நேரே சொல்லும் நன்றியில் பாதி மரியாதைக்காகச் சொல்வது. நாம் இல்லாத இடத்தில், யாரும் கேட்காமலே சொல்வதுதான் மனத்தில் நின்றது. அவருக்கு நின்றது, தன் வேலையொன்றை நீங்கள் முடித்து வைத்தது.

பாராட்டு வார்த்தை, சேர்ந்திருக்கும் நேரம், கைகொடுக்கும் உதவி, பரிசுப் பொருள், தொடுகை என்று அன்பை ஐந்தாகப் பிரித்தவர் கேரி சாப்மன் என்ற அமெரிக்கப் போதகர். அதை ஜாதகம் போல நம்பத் தேவையில்லை. கடையில் குழம்பாமல் இருக்க உதவினால் போதும். ஒரே சம்பவத்தை வைத்து முடிவு கட்டாமல், ஒரு வாரம் அவருடைய அலுப்பைக் கவனியுங்கள். "பேசி எத்தனை நாளாயிற்று" என்றால் நேரம் கேட்கிறார். அப்போது ஹோட்டல் சரி. "ஞாயிற்றுக்கிழமைகூட உட்கார முடியவில்லை" என்றால் உதவி கேட்கிறார். அவர் உங்களுக்கு என்ன செய்கிறார் என்பதை மட்டும் அளவுகோலாக்காதீர்கள். எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுகிறவர், தனக்கென்று ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருக்கலாம்.

உதவிதான் என்று தெரிந்ததும் பலர் கருவி வாங்கிவிடுகிறார்கள். பைக் கழுவ பம்பு வாங்கித் தந்தால் அவருக்கு ஒரு வேலை கூடுகிறது, அவ்வளவுதான். அவர் மாதக்கணக்கில் தள்ளிப்போடும் வேலை எது என்று பாருங்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது என்றே வைத்துக்கொள்வோம். ஆள் பிடிப்பது, கூலி பேசுவது, முதல் நாளே குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, கூட நிற்பது எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். "ஆள் வந்திருக்கிறார், கொஞ்சம் பாருங்கள்" என்று அவரைக் கூப்பிட்டால் பரிசு அங்கேயே போயிற்று. "நீங்கள் செய்யவில்லை, நான் செய்தேன்" என்ற தொனி வந்தாலும் அப்படித்தான். ஞாயிறு காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பைக் துடைப்பது அவருக்குப் பிடித்த பொழுது என்றால், அதில் கை வைக்காதீர்கள்.

அந்தக் கைக்கடிகாரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உலோகப் பட்டையா, அவர் மணிக்கட்டுக்குத் தொளதொளவென்று இருக்கிறதா? என் வீட்டில் ஒன்று இதே காரணத்துக்காக ஒரு வருடம் பீரோவில் கிடந்தது. கடையில் இரண்டு கண்ணியைக் கழற்றிக் கொடுத்தார்கள். மறுநாளே கைக்கு ஏறிவிட்டது.